எல்லா சாரிக்கும் மன்னிப்பு இல்லை

ரயில் தாமதமாகும்போது நம் நிலையங்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வரும். ஆங்கில அறிவிப்பு, பயணிகளுக்கு நேர்ந்த சிரமம் 'ரிக்ரெட்டட்' என்று முடியும். யார் வருந்துகிறார் என்பது அதில் இருக்காது. தமிழில் அப்படித் தப்ப முடியாது. 'வருந்துகிறோம்' என்று சொன்னதுமே விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த அறிவிப்பு 'மன்னியுங்கள்' என்று கேட்பதில்லை. ஒருகாலத்தில் தூர்தர்ஷனில் படம் நின்றுபோனபோது திரையில் வந்ததும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்பதுதான். அந்த வாசகத்தை எழுதியவர் யாரானாலும் நல்ல மொழிபெயர்ப்பாளர். 'சாரி' என்பதற்குத் தமிழில் இரண்டு வழி உண்டு என்பதும், அவை இரண்டும் ஒன்றில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

'சாரி' என்ற சொல்லின் வேர், பழைய ஆங்கிலத்தில் புண், வலி என்று பொருள்படும் சொல். 'எனக்கு வலிக்கிறது' என்று தன் மனநிலையைச் சொல்வதுதான் அதன் அடிப்படை. சொல்பவரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்பவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. 'மன்னியுங்கள்' என்பது அப்படியில்லை. அது எதிரே இருப்பவரிடம் ஒன்றைக் கேட்கிறது. கேட்கும்போதே, 'தவறு என்னுடையது, தீர்ப்பு உங்களுடையது' என்று ஒப்புக்கொண்டும் விடுகிறது. அதனால்தான் தமிழில் அந்தச் சொல்லுக்கு இத்தனை கனம். 'ரமணா' (2002) படத்தில் விஜயகாந்த் தனக்குப் பிடிக்காத சொல் என்று 'மன்னிப்பை'ச் சொல்லும் வசனம் இன்றும் ஊரெல்லாம் புழங்குகிறது. அதை ஆங்கிலத்தில் 'சாரி' என்று போட்டால், வருத்தம் தெரிவிக்க மறுக்கும் வீம்புக்காரராக அவர் மாறிவிடுவார். அந்தப் பாத்திரம் மறுப்பது மன்னிப்பைக் கொடுக்க. 'ஃபர்கிவ்னெஸ்' என்றுதான் போக வேண்டும். கேட்பதற்கும் கொடுப்பதற்கும் நம்மிடம் ஒரே மன்னிப்பு. ஆங்கிலத்தில் கேட்பது 'அபாலஜி', கொடுப்பது 'ஃபர்கிவ்னெஸ்'.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. கனடாவின் டொரன்டோ, ஸ்கார்பரோ பகுதிகளில் ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். ஆங்கிலம் வராத முதியவர்களுக்காக மருத்துவமனைகளில் உரைபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். இவர்கள் 'டாக்டர் சொல்கிறார்' என்று பேசுவதில்லை. டாக்டரின் குரலாகவே, 'நான்' என்று தன்மையில் பேசுவதுதான் தொழில் முறை. எனவே இவர்கள் தேர்ந்தெடுக்கும் சொல் டாக்டரின் வாக்காகவே குடும்பத்தின் காதில் விழும்.

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் படுக்கையில் இருக்கிறார். மகன் வெளியே காத்திருக்கிறார். டாக்டர் வந்து பத்து நிமிடம் பேசுகிறார். அதற்குள் 'எக்ஸ்கியூஸ் மீ' இரண்டு முறையும், 'சாரி' மூன்று முறையும் வருகின்றன.

முதல் 'எக்ஸ்கியூஸ் மீ', நீங்கள்தான் அந்த அம்மாவின் மகனா என்று கேட்பதற்கு முன்னால் வருகிறது. அதன் வேலை கவனத்தைத் திருப்புவது மட்டும். இங்கே 'மன்னிக்கவும்' என்று தொடங்கினால், ஏதோ விபரீதம் நடந்துவிட்டதென்று மகன் பதறிப்போவார். 'வணக்கம், நீங்கள்தான் அவவின்ர மகனோ?' என்றால் போதும். அழைப்பை 'வணக்கம்' ஏற்றுக்கொள்கிறது.

அடுத்து, காக்க வைத்ததற்கு ஒரு சாரி. இதில் சிறு பிழை உண்டு. பிழை செய்தவரும் டாக்டர்தான். ஆனாலும் மன்னிப்புக் கேட்கும் அளவுக்குப் பெரிதில்லை. இந்த இடைநிலைக்கென்றே தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன. 'கனநேரம் காக்க வச்சிட்டன், குறை நினையாதேங்கோ' என்பார்கள் யாழ்ப்பாணத்தார். தமிழ்நாட்டில் 'தப்பா நினைச்சுக்காதீங்க', 'கோவிச்சுக்காதீங்க' என்போம். செய்த பிழையைச் சொல்லிவிட்டு, உறவில் கீறல் விழக் கூடாது என்று கேட்டுக்கொள்வது நம் வழக்கம்.

மூன்றாவது, மகன் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்க, டாக்டர் 'சாரி?' என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்வது. காதில் விழவில்லை என்பதுதான் இதன் பொருள். 'என்ன சொன்னனீங்கள்?' என்பதோடு முடிந்தது. இதை 'மன்னியுங்கள்' என்று பெயர்ப்பது வேடிக்கையான தவறு. ஆனால் உடனே தெரிந்துவிடும் தவறும் இதுதான். மகன் விழிப்பார், உரைபெயர்ப்பாளர் திருத்திக்கொள்வார். கேடு ஒன்றுமில்லை.

நான்காவதில்தான் சிக்கல். நோய் குணமாகும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டு டாக்டர் நிறுத்துகிறார். பிறகு, 'ஐ ஆம் சோ சாரி' என்கிறார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. மகனின் துயரத்தில் தானும் பங்குகொள்கிறார். இங்கே 'என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்று பெயர்த்தால் மகன் மனதில் என்ன ஓடும்? மன்னிப்புக் கேட்கிறார் என்றால் ஏதோ பிழை விட்டிருக்கிறார். மருந்து மாறியதோ, பிந்திப் பார்த்தார்களோ என்ற ஐயம் அங்கேயே முளைக்கும். முந்தைய தவறைப் போல இது முகத்தில் தெரியாது. மகன் பேசாமல் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். ஐயமும் கூடவே போகும். 'சொல்லவே எனக்குக் கவலையாக் கிடக்கு' என்று பெயர்த்திருந்தால் டாக்டர் சொன்னது அப்படியே போய்ச் சேர்ந்திருக்கும்.

கடைசியாகக் கைபேசி அதிர, 'எக்ஸ்கியூஸ் மீ' என்று டாக்டர் எழுகிறார். 'கொஞ்சம் பொறுங்கோ, இப்ப வந்திடுறன்.' விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்லாத நம் பழக்கம் இங்கே உதவுகிறது. மருத்துவமனையில் அது இன்னும் உதவும்.

இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட 'மன்னி' தேவைப்படவில்லை. அப்படியானால் எப்போது தேவைப்படும்? உண்மையிலேயே தவறு நடந்திருக்கும்போது. 'நாங்கள் தவறான அளவில் மருந்து கொடுத்துவிட்டோம், அதற்காக சாரி' என்று டாக்டர் சொன்னால், 'இது எங்கட பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்றே பெயர்க்க வேண்டும். அந்த இடத்தில் 'வருந்துகிறோம்' என்று மெதுவாக்குவது, ரயில் அறிவிப்பைப் போல ஒதுங்கி நிற்பதாகிவிடும். இன்னொரு வகையும் உண்டு. 'இப்படி நடந்ததற்கு சாரி' என்று டாக்டர் சொல்கிறார். தவறை ஒப்புகிறாரா, துயரத்தில் பங்கெடுக்கிறாரா என்று தெரியவில்லை. ஆங்கிலம் அந்த மங்கலைத் தாங்கும். தமிழில் 'மன்னி' என்றோ 'வருந்து' என்றோ ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். அப்போது உரைபெயர்ப்பாளர் தானாக ஒன்றை முடிவு செய்யக் கூடாது. பேச்சை நிறுத்தி டாக்டரிடமே விளக்கம் கேட்க வேண்டும். அவருக்கு அந்த உரிமை உண்டு.

இனி எதிர்த்திசை. தமிழில் 'எக்ஸ்கியூஸ் மீ' என்ற தனிச் சொல் இல்லை என்று சிலர் குறைப்படுவதுண்டு. அந்த வேலையை நம் ஊரில் முறைப்பெயர்கள் பார்க்கின்றன. 'அண்ணே, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போறது?' என்று ஒருவர் கேட்கிறார். அவர் அங்கே உறவு கொண்டாடவில்லை. வழியில் போகிறவரை மரியாதையாக நிறுத்துகிறார். ஆங்கிலத் துணைத்தலைப்பில் அதை 'பிரதர்' என்று எழுதினால், இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளோ என்று பார்ப்பவர் குழம்புவார். 'எக்ஸ்கியூஸ் மீ' என்பதே சரி. அக்கா, தம்பி, ஐயா, 'ஏங்க' எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். உண்மையான அண்ணனைக் கூப்பிடும் இடம் மட்டும் விலக்கு.

'கொஞ்சம் வழி விடுங்க' என்பதில் உள்ள 'கொஞ்சம்' அளவைக் குறிப்பதில்லை, பணிவைக் குறிக்கிறது. அதையும் 'எக்ஸ்கியூஸ் மீ' என்பதற்குள் அடக்கிவிடலாம். 'தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா?' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் ஆபத்து இருக்கிறது. 'தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் தொடங்கினால், அடுத்து ஒரு குத்தல் வரப்போகிறது என்றே கேட்பவர் எதிர்பார்ப்பார். 'கேட்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால்' என்ற தொனியில் ஆங்கிலத்தில் சொன்னால் நம் பணிவு பணிவாகவே போய்ச் சேரும்.

சொல்லே இல்லாத மன்னிப்பும் நம்மிடம் உண்டு. பேருந்தில் கால் தெரியாமல் பக்கத்தில் இருப்பவர் மேல் பட்டுவிட்டால், அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அதைக் கதையில் எழுதும் தமிழ் எழுத்தாளர் அந்தச் செய்கையோடு நிறுத்திவிடுவார். ஆங்கில வாசகருக்கு அது என்னவோ சடங்கு போலத் தோன்றும். அங்கே மொழிபெயர்ப்பாளர் ஒரு 'சாரி'யை மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம்; செய்கையை மட்டும் எடுத்துவிடக் கூடாது.

தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்ட 'சாரி'யையும் ஆங்கிலச் சொல்தானே என்று அப்படியே திருப்பி எழுதிவிட முடியாது. நாம் அதை லேசான இடங்களுக்கே வைத்திருக்கிறோம். 'சாரிங்க, சில்லறை இல்லை' என்பதில் ஆங்கிலத்தின் சாரியும் சரியாகப் பொருந்தும். ஆனால் பெரிய துரோகம் செய்தவன் கதையில் வந்து வெறும் 'சாரி' என்று முணுமுணுத்தால், அந்தச் சொல்லின் சிறுமையையே தமிழ் வாசகர் கேட்கிறார். ஆங்கிலத்தில் அது முழு மன்னிப்பாகத் தோன்றிவிடாமல், அவன் நிற்கும் விதத்திலோ குரலிலோ அந்தக் குறைவைக் காட்டியாக வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006இலும், ஒன்டாரியோ 2009இலும் மன்னிப்புக்கென்றே சட்டம் இயற்றின. ஒருவர் 'சாரி' சொன்னார் என்பதை அவருடைய குற்ற ஒப்புதலாக உரிமையியல் வழக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவற்றின் சாரம். அந்தப் பாதுகாப்பு நீதிமன்றத்துக்குள் செல்லும். மருத்துவமனை வாசலில் நிற்கும் மகனின் மனதுக்குள் எந்தச் சட்டமும் போவதில்லை. ஆகவே, 'மன்னி' என்று எழுதவோ சொல்லவோ வாய் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் தவறு செய்தாரா? இல்லையென்றால் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.