பூசத்துக்கு நடக்க ஆறு நாள் லீவு

தைப்பூசம் தமிழ்நாட்டில் அரசுப் பொது விடுமுறையானது 2021இல்தான். ஆனால் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழநிக்கு நடப்பவர்களுக்கு அந்த ஒரு நாள் எந்த மூலைக்கும் போதாது. குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று நடந்து மலையடிவாரம் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிவிடும். விடுமுறை பூசத்தன்று; நடையோ அதற்கு முன்னால். இடைப்பட்ட நாட்களை அலுவலகத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேட்கும்போதுதான் பலருக்கும் கை தடுமாறுகிறது. பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிப் பழகிய விடுப்புக் கடிதம், பெரும்பாலும் காய்ச்சல் கடிதம். ‘எனக்குக் கடுமையான காய்ச்சல் என்பதால்’ என்று தொடங்கினால்தான் லீவு கிடைக்கும் என்ற எண்ணம் வேலைக்கு வந்த பிறகும் போவதில்லை. மாலை போட்டு, காவி வேட்டி கட்டி, செருப்பில்லாமல் பத்து நாளாக அலுவலகம் வருகிறவர் காய்ச்சல் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? இரண்டு மூன்று நாட்களைத் தாண்டினால் பல நிறுவனங்கள் மருத்துவச் சான்றிதழ் கேட்கும். ஒரு பொய்க்கு ஒரு போலிச் சான்றிதழ் என்று அது வளரும். பிறகு உண்மையிலேயே படுத்தாலும் சந்தேகம்தான் மிஞ்சும்.

பொய் சொல்ல மனமில்லாதவர்கள் இன்னொரு பக்கம் போய்விடுகிறார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். ‘போன வருடம் என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது, அவள் பிழைத்தால் குடும்பத்தோடு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டோம். என் தாயார் இதே கவலையாக இருக்கிறார். இந்தத் தடவையும் தள்ளிப்போட்டால் தெய்வக் குற்றமாகிவிடும். பெரிய மனதுகொண்டு தயவுகூர்ந்து...’ இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் மேலாளர் மேசையோடு நிற்காது. மனிதவளப் பிரிவுக்குப் போகும், கோப்பில் சேரும், நாளைக்கு யாரோ புரட்டுவார்கள். வீட்டுக்குள் இருக்க வேண்டிய ஒரு நேர்த்திக்கடன் அங்கே கிடக்கும். அதோடு, எழுதிய ஒவ்வொரு காரணமும் ஒரு கேள்விக்கு இடம் கொடுக்கிறது. ‘அவங்களுக்குத்தான் குணமாயிடுச்சே, அடுத்த வருஷம் போனா என்ன?’ என்று மேலாளர் கேட்டால், ஊழியர் தன் பக்தியை வாதாடி நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். அந்த இடத்துக்குப் போகவே கூடாது.

மேலாளருக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அந்த நாட்களில் வேலையை யார் பார்ப்பார், எப்போது திரும்பி வருவார். காரணத்துக்கு ஒரே ஒரு வரி போதும்.

2026ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர் ஜனவரி 26, திங்கட்கிழமை நடக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடியரசு தினம் என்பதால் அன்று எப்படியும் விடுமுறை. செவ்வாய் முதல் சனி வரை ஐந்து வேலை நாட்கள். ஞாயிறு தரிசனம். பலர் இத்தோடு கணக்கை முடித்து, திங்கள் காலை வந்துவிடுவதாக எழுதிவிடுகிறார்கள். பாதயாத்திரை போனவர்களுக்குத் தெரியும்: தார்ச்சாலையில் நடந்த காலில் கொப்புளம் உடைந்திருக்கும், கணுக்கால் வீங்கியிருக்கும், பூசத்தன்று இரவு பழநியில் பஸ் ஏறுவதே பெரும்பாடு. திங்கள் காலை போன் செய்து ‘இன்னிக்கு ஒரு நாள் சார்’ என்று கேட்பதைவிட, அந்த ஒரு நாளையும் முதலிலேயே சேர்த்துக் கேட்பதுதான் மரியாதை.

அவருடைய கடிதம் இப்படி இருக்கலாம்:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தைப்பூசத்தை முன்னிட்டுக் குடும்பத்துடன் பழநிக்குப் பாதயாத்திரை செல்ல இருக்கிறேன். அதற்காக ஜனவரி 27 முதல் 31 வரையிலும் பிப்ரவரி 2 அன்றும், ஆக 6 நாட்கள் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜனவரி மாதச் சம்பளப் பட்டியலை 24ஆம் தேதிக்குள் தயார் செய்துவிடுவேன். கடைசி வார வருகைப்பதிவை மட்டும் சேர்த்து முடிக்க எங்கள் பிரிவின் காசாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை பணிக்கு வந்துவிடுவேன். நன்றி.’

இதில் கெஞ்சல் இல்லை, மிடுக்கும் இல்லை. ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்ற ஒரு சொல்லிலேயே பணிவு வந்துவிட்டது. ‘தாழ்மையுடன்’, ‘தயவுகூர்ந்து’, ‘பெரிய மனதுடன்’ என்று அடுக்கினால் ஏதோ தப்பு செய்துவிட்டு எழுதுவதுபோல ஆகிவிடும். கடிதத்தின் பாதியைச் சம்பளப் பட்டியல் எடுத்துக்கொண்டதையும் கவனிக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவில் ஆள் இல்லை என்றால் மேலாளருக்கு முதலில் வரும் பயம் அதுதான். காசாளரிடம் பேசி முடித்த பிறகே அந்த வரியை எழுத வேண்டும். கேட்காமல் எழுதினால் அதுவே பிரச்சினையாகும்.

எந்த லீவில் போவது என்பதையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நியாயமான எந்தக் காரணத்துக்கும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு எடுக்க இடம் தருகிறது. ஆனாலும் தொடர்ந்து சில நாட்களுக்கு மேல் தற்செயல் விடுப்பு தராத நிறுவனங்கள் உண்டு. அங்கே ஈட்டிய விடுப்பைக் கேட்க வேண்டும். நடுவில் வரும் ஞாயிறையும் லீவுக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படியானால் மேலே சொன்ன ஆறு நாள் ஏழாகிவிடும். தமிழக அரசு ஊழியர்களுக்குத் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். விடுமுறைகளோடு சேர்த்து ஒரே தடவையில் 10 நாளைத் தாண்டக் கூடாது.

கடிதத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை நேரில் சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். ‘சார், பூசத்துக்குப் பழநி நடக்கிறோம், அந்த வாரம் லீவு வேணும். லெட்டர் நாளைக்குத் தர்றேன்.’ பொங்கலுக்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் கேட்டால், ‘இப்பத்தானே லீவு முடிஞ்சுது’ என்ற பேச்சு வரும்.

முடியாது என்று சொல்லிவிட்டால்? எதை விட்டுக்கொடுக்கலாம் என்று வீட்டிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். முதல் கடிதத்தில் அதை எழுதக் கூடாது. முழு வழியும் நடக்க முடியாதவர்கள் திண்டுக்கல்லில் போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வது உண்டு. அங்கிருந்து பழநி ஏறக்குறைய 60 கிலோமீட்டர், இரண்டு நாள் நடை. ‘வெள்ளியும் சனியும் திங்களும் மட்டுமாவது கொடுங்க சார்’ என்று கேட்கும்போது ஆறு நாள் மூன்றாகிறது. சம்பளப் பட்டியலை வியாழன் வரை அவரே பார்த்துக்கொள்ளவும் முடியும். இதற்கும் மறுக்கும் மேலாளர்கள் குறைவு.

திதிக்கு லீவு கேட்பதில் சிக்கல் வேறு. தகப்பனார் இறந்த மாதமும் திதியும் பார்த்துக் குறிப்பதால் ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். ‘போன வருஷம் வேற தேதியில எடுத்தீங்களே’ என்று கேட்பவரிடம் பஞ்சாங்கம் படிக்க வேண்டாம். ‘தந்தையாரின் வருடத் திதி இந்த ஆண்டு இன்ன தேதியில் வருகிறது’ என்று எழுதினால் அதுவே பதில்.

துக்கம் நடந்த வீட்டிலிருந்து முன்கூட்டிக் கடிதம் வராது. உறவினர் ஒருவர் போன் செய்து சொன்னாலே போதும். பதினாறாம் நாள் காரியத்தின் தேதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே தெரிந்துவிடும் என்பதால், அந்த லீவையும் அப்போதே சேர்த்துக் கேட்டுவிடலாம்: ‘12ஆம் தேதி பணிக்கு வருகிறேன்; 20ஆம் தேதி காரியம் என்பதால் அன்றும் மறுநாளும் விடுப்பு வேண்டும்.’