விட்ட காசை எங்கே பிடிக்கிறார்கள்?

வணிகவியல் தேர்வுகளில் ஒரு மதிப்பெண்ணுக்கு வரும் கேள்வி ஒன்று இப்படி இருக்கும். ஒரு நிறுவனம் வீட்டுக் குடிநீர் சுத்திகரிக்கும் கருவியை அடக்க விலைக்கும் கீழே விற்கிறது. இது எந்த வகை விலை நிர்ணயம்? ஊடுருவல் விலையா, லாஸ் லீடரா, கேப்டிவ் விலையா, ஸ்கிம்மிங்கா?

‘குறைந்த விலை’ என்று கண்டதுமே ஊடுருவல் விலை என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு வரி விளக்கம்தான் இருக்கிறது. விலை குறைவு என்கிற அளவில் முதல் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துக் காட்டுவது விலை அல்ல. விட்ட காசைக் கடைக்காரர் எங்கே பிடிக்கிறார் என்பதுதான்.

கணக்குப் போட்டே பார்ப்போம். கருவியின் அடக்கம் 6,000 ரூபாய், விற்பது 5,500-க்கு. ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் நஷ்டம். அந்தக் கருவிக்கு வருடம் ஒரு முறை ஃபில்டர் மாற்ற வேண்டும், அதே கம்பெனி ஃபில்டர்தான் பொருந்தும் என்று கேள்வியில் ஒரு வரி இருக்கிறதா? ஃபில்டரின் அடக்கம் 400, விலை 1,500 என்றால் முதல் ஃபில்டரிலேயே 1,100 ரூபாய் வந்துவிடுகிறது. நஷ்டம் போக 600 கையில் நிற்கும். இது கேப்டிவ் விலை. கருவியை வாங்கியவர் ஃபில்டருக்கு வேறெங்கும் போக முடியாமல் சிக்கிக்கொள்கிறார்.

அந்த வரியை எடுத்துவிட்டு, ‘சந்தையில் இடம் பிடித்த பிறகு விலையை உயர்த்தத் திட்டம்’ என்று எழுதினால் விடை ஊடுருவல் விலை. விட்ட காசு அதே பொருளில், பின்னால் வருகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்ததும், 2019 டிசம்பரில் கட்டணத்தை ஏற்றியதும் இந்த வகைக்கு நாம் கண்ணால் கண்ட சாட்சி. இன்னொரு மாற்றம்: ‘கருவி வாங்க வருகிறவர்கள் மிக்சி, குக்கர் எல்லாம் வாங்கிப் போவார்கள் எனக் கடை எதிர்பார்க்கிறது’ என்றிருந்தால் அது லாஸ் லீடர். காசு அதே நாளில், சம்பந்தமே இல்லாத பொருளில் வருகிறது.

கேப்டிவ் விலைக்கு ஒரு பலவீனம் உண்டு. பக்கத்துத் தெருவில் அதே அளவு ஃபில்டர் 600 ரூபாய்க்குக் கிடைத்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும். கருவியை நஷ்டத்துக்கு வாங்கிப்போனவர் ஃபில்டரை வெளியே வாங்கிக்கொள்வார். இதனால்தான் இந்தப் பாடத்துக்கு எப்போதும் காட்டப்படும் ஜில்லெட் ரேசர் கதையை நான் அப்படியே சொல்லிக்கொடுப்பதில்லை. பிடியை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதித்தார்கள் என்பார்கள். சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் பழைய ஆவணங்களைப் புரட்டியபோது வேறு வரலாறு தெரிந்தது. 1904-இல் காப்புரிமை கிடைத்தது முதல் 1921-இல் அது முடியும்வரை, வேறு யாரும் பிளேடு செய்ய முடியாத அந்தக் காலத்தின் பெரும்பகுதியில், ஜில்லெட் தன் ரேசரை 5 டாலருக்கு விற்றது. அன்றைக்கு அது பெரிய தொகை. காப்புரிமை முடியும் தறுவாயில்தான் மலிவு ரேசரை இறக்கியது. வாடிக்கையாளரைக் கட்டிப்போட வசதி இருந்த காலத்தில் அது பிடியை மலிவாகத் தரவே இல்லை.

ஆரம்பத்தில் கூடுதல் விலை, பின்னால் இறக்கம் என்றால் ஸ்கிம்மிங்கை யோசிக்க வேண்டும். பாலில் மேலே படியும் ஏட்டை முதலில் எடுப்பது என்பதே அந்தச் சொல்லுக்குப் பொருள். எவ்வளவானாலும் கொடுக்கத் தயாராக இருப்பவர்களிடம் முதலில் விற்றுவிட்டு, அடுத்த வரிசைக்காக விலையைக் குறைப்பது. 2007 ஜூன் இறுதியில் அமெரிக்காவில் முதல் ஐபோன் வந்தபோது 8 ஜிபி மாடல் 599 டாலர். செப்டம்பர் முதல் வாரத்திலேயே 399 ஆனது. ஏட்டை எடுத்து முடிக்கும் முன்பே பாலைக் கவிழ்த்தது மாதிரி, முதலில் வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, அவர்களுக்கு ஆப்பிள் கடையில் செலவழிக்க 100 டாலர் கொடுக்க வேண்டி வந்தது.

கூடுதல் விலை என்றாலே ஸ்கிம்மிங் என்றும் எழுதிவிடக் கூடாது. விலை பின்னால் இறங்கும் என்கிற குறிப்பு கேள்வியில் இருக்க வேண்டும். பெயருக்கும் தரத்துக்கும் விலை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால், அது கௌரவ விலை. அதைக் குறைத்தால் வாங்குகிறவர்களே விலகிப் போய்விடுவார்கள்.