முதல் தோசை ஏன் பிய்கிறது: சத்தத்தில் மட்டும் சொல்லும் ஒரு கதை

யாரும் பேசாத, பின்னணிப் பாட்டும் இல்லாத சமையல் வீடியோக்களுக்கு ஏ.எஸ்.எம்.ஆர். வகை என்று பெயர். சில மெல்லிய ஓசைகளைக் கேட்டால் உச்சந்தலையில் தொடங்கிக் கழுத்து வழியாக இறங்கும் ஒருவிதக் கூச்ச உணர்வுக்கு 2010-ல் ஜெனிஃபர் ஆலன் என்ற அமெரிக்கர் வைத்த பெயர் அது. இந்தக் கூச்சம் எல்லோருக்கும் வருவதில்லை. வராதவர்களும் இந்த வீடியோக்களைக் கடைசி வரை பார்க்க வேண்டுமென்றால் இனிமையான சத்தங்களைக் கோர்த்தால் மட்டும் போதாது, அந்தச் சத்தத்துக்குள் ஏதாவது நடக்க வேண்டும்.

என்ன நடக்கலாம்? தோசையையே எடுத்துக்கொள்வோம். தோசை சுடும்போது நாம் கேட்கும் சத்தத்தில் பெரும்பகுதி மாவோ எண்ணெயோ போடுவதில்லை, தண்ணீர் போடுவது. நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. சூடான கல்லில் மாவு விழுந்ததும் அடியில் உள்ள ஈரம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வெடிப்புகளாக வெளியேறும். தனித்தனியாகக் கேட்டால் அவை ‘டிக்’, எல்லாம் சேர்ந்தால் ‘சொய்ங்’. ஈரம் குறையக் குறைய வெடிப்புகளும் குறையும். அதாவது அந்தச் சத்தம்தான் தோசைக்குள் மிச்சமிருக்கும் தண்ணீரின் கணக்கு. அடுப்படியில் பழகியவர்கள் முதுகைக் காட்டி நின்றுகொண்டே “திருப்பிப் போடு, ஆயிடுச்சு” என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் ஒரு காதுச் சோதனையே. கல் போதுமான அளவு சூடாகாவிட்டால் நீர் சும்மா கிடக்கும். சரியான சூட்டில் ‘சுர்ர்’ என்று கத்திவிட்டு உடனே மறையும். சூடு ரொம்ப ஏறி, சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் விநோதமாக நீர் மறுபடியும் அமைதியாகிவிடும். துளியின் அடியில் ஒரு மெல்லிய ஆவிப்படலம் உருவாகி அதைக் கல்லைத் தொடவிடாமல் தாங்குகிறது, துளி முத்து மாதிரி உருண்டு ஓடுகிறது. இதற்கு லைடன்ஃப்ராஸ்ட் விளைவு என்று பெயர். ஆக, சத்தம் வராததற்கு இரண்டு நேரெதிர் காரணங்கள் இருக்க முடியும். கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது.

இதை வைத்து மூன்று நிமிடத்துக்குள் முடியும் ஒரு வீடியோவை யோசித்துப் பார்த்தேன். கதாபாத்திரங்கள் கல், மாவு, ஒரு கை. முகம் வேண்டாம்.

அடுப்பு பற்றும் சத்தத்தில் ஆரம்பம். பிறகு சில விநாடி கிட்டத்தட்ட மௌனம். தண்ணீர் தெளிக்கிறார்கள், ‘சுர்ர்’ வரவில்லை. துளிகள் லேசாகத் தட்டிக்கொண்டு உருள்கின்றன. தெரிந்தவர்களுக்கு இங்கேயே வயிற்றில் ஒரு கலக்கம் வந்துவிடும். கை அதைக் கவனிக்காமல் மாவை ஊற்றுகிறது. ஒரு கணம் பெரிய சீறல். கரண்டி வழுக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் திக்கித் திக்கி இழுக்கிறது, ஏனென்றால் மாவு தொட்ட மாத்திரத்தில் இறுகிக் கரண்டியோடு சுருண்டு வருகிறது. அப்புறம் தோசைத்திருப்பி கல்லைச் சுரண்டும் சத்தம், ஒரு தடவை இல்லை, ஐந்தாறு தடவை. முதல் தோசை பிய்ந்துவிட்டது. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தோல்வி புரிந்துவிடும்.

அடுத்து அடுப்பின் திருகு திரும்பும் ‘க்ளிக்’, தீயின் இரைச்சல் தணிகிறது. மறுபடி தண்ணீர் தெளிக்க, இப்போது நீளமான, நிறைவான ‘சுர்ர்’. பாதி வெங்காயத்தால் கல்லைத் துடைக்கும் சத்தம். மாவு விழுகிறது, கரண்டி வட்டம் வட்டமாக வழுக்கிக்கொண்டு போகிறது. ஓரத்தில் எண்ணெய் விட்டதும் படபடவென்று பொரிகிறது. பிறகு வருவதுதான் இந்த வீடியோவின் உச்சக்கட்டம்: அந்தச் சீறல் மெல்ல மெல்ல அடங்குவது. ஒரு நிமிடம் ஆகலாம். பலர் அவசரப்பட்டு வெட்டிவிடும் பகுதி இது. வெட்டக் கூடாது. காட்சியைக் கல்லிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து ஆவிக்கு மாற்றிக்கொள்ளலாம், அடியில் ஓடும் ஒலி மட்டும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். கடைசியில் தோசைத்திருப்பி உள்ளே நுழையும்போது ஈரமான ‘சதக்’ இல்லாமல் காய்ந்த ‘சரக்’ கேட்டால் கதை சுபம்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தனியாகக் கேட்டால் சீறல் ஏமாற்றும். வாணலியில் ஏதாவது பொரியும் சத்தத்தையே மழைச் சத்தமாகப் பயன்படுத்துவது ஒலிக்கலைஞர்களின் பழைய தந்திரம். முன்னால் மாவு ‘பொத்’தென்று விழுந்ததைக் கேட்டவருக்குத்தான் பின்னால் வருவது தோசை.

பதிவு செய்வதில் பெரிய எதிரி, உதவி செய்ய வரும் மென்பொருள்தான். பேச்சைத் தெளிவாக்குவதற்கான இரைச்சல் நீக்கிகள் சீராக, எல்லா அலைவரிசையிலும் பரவி வரும் ஒலியைக் குப்பை என்று எடுத்துக்கொள்ளும். தோசையின் சீறல் அச்சு அசலாக அப்படிப்பட்ட ஒலி! கதாநாயகனையே வில்லன் என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். போனில் இருக்கும் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடும் இப்படித்தான். உரத்த சத்தத்தைக் குறைத்து, மெல்லியதை ஏற்றும். அடங்கிக்கொண்டே போக வேண்டிய சீறல் ஒரே அளவில் நின்றுவிடும், தோசை வேகவே வேகாது. இரண்டையும் அணைக்க முடிகிற ஒலிப்பதிவுச் செயலி வேண்டும். மாவு விழும் கணம்தான் மிக உரத்தது, அதற்கு அளவை வைத்துவிட்டு மேற்கொண்டு தொடாதீர்கள். மைக் கல்லிலிருந்து ஓர் அடி தள்ளி, பக்கவாட்டில். மேலே பிடித்தால் ஆவி அடிக்கும்.

கேஸ் அடுப்பின் தீயும் தோசையின் சீறலும் காதுக்கு ஒரே மாதிரிதான். பின்னால் பிரித்தெடுப்பது கஷ்டம். கனமான இரும்புக் கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், தீயைக் குறைத்தே வைத்து அந்தக் கடைசி நிமிடத்தைப் பதிவு செய்யலாம். புகைபோக்கி விசிறியை அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜையும் அணைத்தால், ஸ்கூட்டர் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். மறுபடி போட மறக்க மாட்டீர்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணாலும் பார்க்கலாம். ffmpeg ஒரே வரியில் ஒலியின் படத்தை வரைந்து தரும்:

```
ffmpeg -i dosai.wav -lavfi showspectrumpic=s=1200x600 dosai.png
```

இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அலைவரிசை. எண்ணெயின் படபடப்பு செங்குத்துக் கோடுகளாக வரும். சீறல் மேகம் மாதிரி இருக்கும், வலப்பக்கம் போகப் போக மங்க வேண்டும். மங்காமல் ஒரே பிரகாசமாக இருந்தால் ஏதோ ஒரு தானியங்கி வசதி இன்னும் அணையவில்லை. கீழே ஆரம்பம் முதல் முடிவு வரை படுக்கைக் கோடுகள் ஓடினால், எங்கோ ஒரு மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, கடிக்கும் சத்தம். 2004-ல் ஜாம்பினி, ஸ்பென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கச் சொல்லி, கடிப்பவரின் காதிலேயே அந்தச் சத்தத்தை மாற்றிக் கேட்கவைத்தார்கள். உயர் அலைவரிசையை ஏற்றியபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக இருப்பதாகச் சொன்னார்கள். மொறுமொறுப்பு பாதி காதில்தான் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் கூட்டிவைக்கும் ஆசை வரும். கூட்டினால் ஊறின தோசையைக்கூட முறுகலாக்கிவிடலாம். ஆனால் அதுவரை சத்தம் சொன்னதெல்லாம் உண்மை என்று நம்பி வந்தவரிடம் கடைசி விநாடியில் பொய் சொல்வதாகிவிடும். சீறல் முழுசாக அடங்கும் வரை காத்திருந்தால் அந்த ‘மொறுக்’ தானாகவே வரும்.