உஷார்! அப்பாவின் தோளில் காய்ந்துபோன ஜெல், பிள்ளையின் உடம்புக்குள் போகிறது!

வீட்டில் யாராவது தினமும் காலையில் தோளில் ஹார்மோன் ஜெல் தடவிக்கொள்கிறார்களா? அதே வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு இதை முழுசாகப் படியுங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் ஜெல் என்பது சாதாரண வலி நிவாரணக் களிம்பு இல்லை. விரைகளோ, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியோ சரியாக வேலை செய்யாததால் ஆண் ஹார்மோன் குறைந்துபோனவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்து. பிட்யூட்டரியில் கட்டி வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பலருக்கு இது தேவைப்படும். தேவையான மருந்துதான், நல்ல மருந்துதான். ஆனால் தடவிக்கொண்டவரின் தோலோடு அது நின்றுவிடாது. தொட்டவர்களுக்கும் ஒட்டும்!

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர், ஊர் வேண்டாம். மூன்று வயதுப் பையன். வயசுக்கு மீறி மளமளவென்று வளர்ந்தான். "நல்லா வளர்றான், யார் கண்ணும் பட்டுடக் கூடாது" என்று பாட்டி சுற்றிப்போட்டார். பிறகு அவன் வியர்வையில் பெரியவர்களுக்கு வருவதுபோல வாடை வந்தது. பவுடர் போட்டார்கள். கன்னத்தில் பரு மாதிரி வந்தது. வெயில் கொப்புளம் என்று நினைத்தார்கள். பள்ளியில் மற்ற பிள்ளைகளை அடிக்கிறான், தள்ளுகிறான் என்று புகார் வந்தது. செல்லம் அதிகம் என்று அம்மாவுக்குத்தான் திட்டு விழுந்தது.

ஒருநாள் குளிப்பாட்டும்போது அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடிவயிற்றுக்குக் கீழே கறுப்பாகச் சில முடிகள். ஆண்குறியும் வயதுக்கு மீறிப் பெரிதாக இருந்தது.

மூன்று வயதில்!

அதற்குப் பிறகு அந்தக் குழந்தை பட்டது கொஞ்சமில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோன் அளவு எகிறிக் கிடந்தது. வளர்ந்த ஆணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும். இந்த வயதுப் பிள்ளைக்கு 10-ஐத் தாண்டக் கூடாது. இவனுக்கு 100-க்கு மேல். அட்ரீனல் சுரப்பியில் கட்டியோ என்று வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். தலைக்குள் ஏதாவதோ என்று மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பு ஐந்தரை வயதுப் பிள்ளையின் எலும்பு மாதிரி முதிர்ந்திருந்தது.

குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் ஒருவர்தான் விஷயத்தைப் பிடித்தார். பையனின் குறி பெரிதாகியிருக்கிறது, விரைகளோ குழந்தையின் விரைகளாகவே சின்னதாக இருக்கின்றன. பருவம் முன்கூட்டியே வந்திருந்தால் முதலில் விரைகள்தான் பெரிதாகும். அப்படியானால் இந்த ஹார்மோன் விரையில் சுரந்தது இல்லை. ஸ்கேனில் கட்டியும் இல்லை. எனவே அவர் கேட்ட கேள்வி இதுதான்: "வீட்டில் யாராவது உடம்பில் ஏதாவது தடவுகிறீர்களா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பிட்யூட்டரி ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷமாக அவர் தினமும் காலையில் இரண்டு தோளிலும் ஜெல் தடவிவந்திருக்கிறார். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. தடவி முடித்ததும் கையில்லாத பனியன், லுங்கி. மேலே ஒரு துண்டு. பையன் எழுந்ததும் நேராக அப்பாவின் தோளுக்குத்தான் வருவான். கன்னத்தை வைத்து அங்கேயே இன்னொரு தூக்கம் போடுவான். பால் குடித்த வாயை அந்தத் துண்டிலேயே துடைப்பார்கள். ராத்திரி பக்கத்தில் படுக்கை, அப்பாவின் கைதான் தலையணை. ஒரு வருஷம் முழுக்க, தினமும் ஒரு சிட்டிகை ஆண் ஹார்மோன் அந்தப் பிள்ளைக்கு ஏறியிருக்கிறது!

"ஜெல்தான் காய்ந்துவிட்டதே, அப்புறம் எப்படி ஒட்டும்?" என்று அப்பா கேட்டாராம். எல்லாரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காய்வது ஜெல்லில் இருக்கும் ஆல்கஹால் மட்டும். ஹார்மோன் தோலின் மேலேயே தங்கியிருக்கும். 1 சதவீத ஜெல் 5 கிராம் பாக்கெட் ஒன்றில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடம்புக்குள் போகும். பெரியவருக்கு அந்த 5 மில்லிகிராமே போதும். மீதியில் பெரும்பகுதி வெளியே, தோளில், கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு இருக்காது. காய்ந்தது என்றால் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை!

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் இந்த ஜெல் 2000-இல் விற்பனைக்கு வந்தது. 2009 மே மாதம் அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஜெல் பெட்டிகளோடு வரும் தகவல் தாளில் இருப்பதிலேயே கடுமையான கறுப்புக் கட்ட எச்சரிக்கையைப் போட வைத்தது. காரணம், 9 மாதக் கைக்குழந்தை முதல் 5 வயதுவரை எட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி நடந்ததாக வந்த தகவல்கள். காரணம் புரியாமல் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன்வரை போயிருக்கிறார்கள். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-இல் இதே எச்சரிக்கையை மறுபடி விடுத்தது. எச்சரிக்கை பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது. அந்தத் தாளை நம்மில் எத்தனை பேர் பிரிக்கிறோம்?

சரி, எப்படித் தடவ வேண்டும்? குளித்துவிட்டு, தோலை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பிள்ளை அறையில் இல்லாத நேரத்தில் தடவ வேண்டும். தோளிலும் மேற்கையிலும், அரைக்கைச் சட்டை போட்டால் மறையும் இடத்தில் மட்டும். மெல்லியதாகப் பரப்பினால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். முழுக்கக் காய்கிறவரை அடுப்புப் பக்கமோ ஊதுபத்திப் பக்கமோ போகவே கூடாது, ஆல்கஹால் குப்பென்று பற்றிக்கொள்ளும். தடவி முடித்ததும் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவாத கையோடு பால் பாட்டிலைத் தொட்டால் தோளை மூடியும் பிரயோசனம் இல்லை. காலிப் பாக்கெட்டை மடித்து, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

பிறகு சட்டை. கையுள்ள சட்டை! கையில்லாத பனியன் தோளை மூடாது. துண்டு நழுவும், போதாக்குறைக்கு ஜெல்லை வாங்கிவைத்துக்கொண்டு பிள்ளையின் முகத்துக்கே கொண்டுபோகும். மேல் உடம்பு திறந்தபடி வீட்டில் உலாவுவது நம் ஊர் ஆண்களுக்குப் பிறவிப் பழக்கம், அதிலும் சித்திரை வெயிலில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். ஜெல் தடவுகிறவருக்கு அந்தச் சுகம் இல்லை. வேர்த்தாலும் சட்டை இருக்கட்டும்.

சட்டை மட்டும் நூற்றுக்கு நூறு காவல் என்றும் நம்பிவிடாதீர்கள். தோளில் தூக்கிக் கொஞ்சுவதற்கு முன், தடவிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேறு சட்டை மாற்றுங்கள். 1 சதவீத ஜெல் என்றால் தடவி ஐந்து மணி நேரத்துக்குள் கழுவ வேண்டாம், மருந்து பிடிக்காது. காலை ஆறு மணிக்குத் தடவினால் பதினோரு மணிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் கழுவலாம். ஆபீஸ் போகிறவர் சாயங்காலம் வந்ததும் நேராகக் குளியலறை, அப்புறம்தான் பிள்ளை. 1.62 சதவீத ஜெல்லுக்கு இரண்டு மணி நேரம் போதும். எந்த ஜெல் என்று பாக்கெட்டைப் பாருங்கள். அவருடைய துண்டு, தலையணை உறை, கழற்றிப் போட்ட சட்டை எல்லாம் தனியாக இருக்கட்டும்.

தெரியாமல் பிள்ளை ஒருமுறை தொட்டுவிட்டதா? பதற வேண்டாம். பட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் போட்டு உடனே கழுவுங்கள். கெடுதல் செய்வது, தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் படுவதுதான்.

இப்போது அம்மாக்கள் கவனியுங்கள். பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்பும், ஆண் பிள்ளைக்கு ஒன்பது வயதுக்கு முன்பும் அந்தரங்க முடி வந்தால் விடாதீர்கள். பெரியவர் வியர்வை வாடை, பரு, திடீர் உயரம், இதுவரை இல்லாத முரட்டுத்தனம், பையனுக்குக் குறி பெரிதாவது, அடிக்கடி விறைப்பது, பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பின் முன்பக்கம் இருக்கும் சின்ன மொட்டு வீங்கிப் பெரிதாவது, இதில் எது தெரிந்தாலும் டாக்டர்! "வளர்கிற பிள்ளை" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். இப்போது வேகமாக வளரும் எலும்பின் வளர்ச்சித் தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளும். இன்றைக்கு வகுப்பிலேயே உயரமான பிள்ளை, நாளைக்குக் குள்ளமாக நின்றுவிடலாம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் உஷார். அவர் தோலில் இந்த ஜெல் படவே கூடாது, வயிற்றில் இருப்பது பெண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியையே அது மாற்றிவிடக்கூடும். மாதவிலக்கு நின்ற பெண்கள் கையில் போட்டுக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் மருந்தும் லேசுப்பட்டது இல்லை. அப்படி ஒரு ஸ்பிரேயால் சின்னப் பிள்ளைகளுக்கு மார்பு வளர்ந்ததாக 2010-இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. பேரனைத் தூக்கும் பாட்டிகளுக்கும் இதே சட்டம்தான்.

அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அப்பா டாக்டரிடம் பேசி ஊசிக்கு மாறிக்கொண்டார். சில வாரங்களிலேயே பையனின் ரத்தத்தில் ஹார்மோன் இறங்கிவிட்டது. முடி மெல்ல உதிர்ந்தது, கோபம் தணிந்தது. எலும்பு மட்டும் ஓடிய தூரத்தைத் திரும்பி வராது. பருவம் சீக்கிரம் வந்துவிடுமோ என்று இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் யாரும் மருந்தைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், "வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது" என்று சொல்லுங்கள். அப்பாக்களே, மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது என்று குழந்தை டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "டாக்டர், நான் ஹார்மோன் ஜெல் தடவுகிறேன்."