தூளியில் இடம் பிடித்த பூனை

தமிழ்நாட்டில் பூனை வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு சலுகை உண்டு. வளைகாப்பு முடிந்து கர்ப்பிணி தாய்வீடு போகிறாள். பிள்ளை பெற்று, மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் கைக்குழந்தையோடு திரும்பி வருகிறாள். இடைப்பட்ட காலத்தில் பூனையும் கணவனும்தான் வீட்டில். வெளிநாட்டுப் புத்தகங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாளே குழந்தை வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு அவசர அவசரமாகச் சொல்லும் வேலைகளை, இங்கே நிதானமாகச் செய்ய முடியும். கெடுதலும் இதிலேயே இருக்கிறது. ஐந்து மாதமாகக் காணாமல் போன எஜமானி ஒரு நாள் திடீரென்று புது வாசனையோடும், அலறும் ஒரு சின்ன உருவத்தோடும், பத்து உறவினர்களோடும் வந்து நிற்கிறாள். பூனையின் பக்கமிருந்து பார்த்தால் வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள்.

திருச்சி உறையூரில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே நான்கு வயதுப் பெண் பூனை, பெயர் மணி. மனைவி தஞ்சாவூரில் தாய்வீட்டில். கணவர் வாரக் கடைசியில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறார். திரும்பும்போது பையில் அவர் எடுத்துவர வேண்டியது, குழந்தை போட்டுக் கழற்றிய, துவைக்காத ஒரு பருத்திச் சட்டை.

பூனை ஒருவரை முகத்தால் அடையாளம் வைப்பதைவிட வாசனையால் அடையாளம் வைப்பதே அதிகம். கதவு நிலையிலும் நம் காலிலும் அது கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போவதைக் கொஞ்சல் என்று நினைக்கிறோம். உண்மையில் கன்னத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையை அங்கே பூசி, ‘இது நம்ம இடம்’ என்று குறித்து வைக்கிறது. அதனால் குழந்தையின் வாசனை குழந்தைக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சட்டையை மணியின் மூக்கருகே நீட்டக் கூடாது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து நாலைந்தடி தள்ளித் தரையில் போட்டுவிட்டு விலகிவிட வேண்டும். அது வந்து மோந்து பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சாப்பிடப் போனால் நல்லது. சீறினாலோ தட்டுப் பக்கமே வராமல் நின்றாலோ சட்டையை இன்னும் தள்ளி வைக்க வேண்டும். ஒரு நாள் அதன்மேல் கன்னத்தைத் தேய்க்கும். அன்றைக்குக் கணவர் தஞ்சாவூருக்கு போன் போட்டுச் சொல்லலாம்.

அடுத்தது அழுகை. குழந்தையின் வீறிடலை போனில் பதிவுசெய்து, மணி சாப்பிடும் நேரத்தில் காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும் அளவுக்கு ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். காதுகள் பின்னால் திரும்பாமல் தின்றுகொண்டே இருந்தால் இரண்டு நாள் கழித்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். தின்பதை நிறுத்திவிட்டால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். பழைய அளவுக்கே இறங்க வேண்டும்.

பிறகு தூளி. இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். உத்தரத்துக் கொக்கியில் தொங்கும் மெத்தென்ற பழைய புடவை, லேசான ஆட்டம், நாலு பக்கமும் மறைவு: பூனைக்கென்றே தைத்த மாதிரி இருக்கும். குழந்தை வருவதற்கு ஒரு மாதம் முன்பே கட்டிப் பார்த்தால் மணி எத்தனை தடவை உள்ளே தாவுகிறது என்று தெரிந்துவிடும். விரட்டிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. ஆள் இல்லாத நேரத்தில் தூளியைச் சுருட்டிக் கொக்கியிலேயே உயர்த்திக் கட்டிவிட வேண்டும். பதிலுக்கு அலமாரி மேல் ஐந்தடி உயரத்தில் ஒரு பழைய போர்வையை விரித்துக் கொடுக்க வேண்டும். கீழே நடப்பதை மேலிருந்து பார்க்கும் இடம் கிடைத்தால் பூனை பெரும்பாலும் தூளியை மறந்துவிடும். எப்போதாவது மறக்காத பூனையும் உண்டு.

பச்சைக் குழந்தையின் மூச்சைப் பூனை உறிஞ்சிவிடும் என்ற பயம் உலகம் முழுக்க இருக்கிறது. பூனைக்கு அப்படி ஒரு நோக்கம் கிடையாது. அது தேடுவது சூடு. ஆனால் தலையைத் திருப்பவோ கையால் தள்ளவோ தெரியாத குழந்தையின் முகத்தருகே நான்கு கிலோ உடம்பு சுருண்டு படுத்தால் மூச்சு முட்டக்கூடும். கதை பொய்யாக இருந்தாலும் கதவை மூடச் சொன்ன பாட்டி சொன்னது சரி. குழந்தை தூங்கும் அறைக்குள், விழித்திருக்கும் பெரியவர் இல்லாமல் பூனை இருக்கக் கூடாது. அறைக்கு வலைக்கதவு போட முடிந்தால் காற்றும் வரும், அழுகையும் கேட்கும். கதவைச் சாத்தும் முன் தூளிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பல வீடுகளில் பூனை முன்பே உள்ளே போய்ப் படுத்திருக்கும். குடை மாதிரி விரியும் கொசுவலையை நம்புவதும் தவறு. பூனை அதன்மேல் தாவினால் வலையோடு சேர்ந்து குழந்தையின் மேல்தான் விழும்.

வீட்டுக்கு வரும் நாளில் மணியைப் பின்னறையில், அதன் மணல் தொட்டி, தண்ணீர், போர்வையோடு விட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். ஆரத்தி, கார் ஹாரன், சித்திகள், சாம்பிராணிப் புகை எல்லாம் அடங்கட்டும். கூட்டம் கலைந்தபின் தாய் மட்டும், குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, பின்னறைக்குப் போய்த் தரையில் உட்கார வேண்டும். மணி ஓடி வந்து உரசலாம். முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கவும் செய்யலாம். ஐந்து மாதக் கோபம் என்று நமக்குத் தோன்றும். அது பாட்டுக்கு மோந்து பார்த்து முடிவுக்கு வரட்டும். அப்புறம்தான் சந்திப்பு. குழந்தை பால் குடித்துவிட்டுத் தாய் மடியில் தூங்கும் நேரம் பார்த்துக் கணவர் கதவைத் திறந்துவிடுகிறார். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிடியில் இருக்கும் பூனை பயந்தால் தப்பிக்க ஒரே வழி நகம்தான். தானாக நடந்து வந்து, போர்வைக்கு வெளியே தெரியும் பாதத்தை மோந்து பார்த்தால் போதும். ஐந்து நிமிடம், பக்கத்தில் பிடித்தமான ஒரு துண்டு கோழி, அன்றைக்கு அவ்வளவே.

சீறல் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே பூனை பல விதமாகச் சொல்லிவிடும். காதுகள் பக்கவாட்டில் சாய்வது, வால் நுனி தரையில் அடிப்பது, முதுகுத் தோல் அலைபோல் துடிப்பது, கண்மணி கறுத்து விரிவது. எல்லாவற்றையும்விட, அசையாமல் உறைந்து நிற்பது. ‘எவ்வளவு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது’ என்று போட்டோ எடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மனஅழுத்தம் நாட்கணக்கில் நீடித்தால் மணல் தொட்டிக்கு வெளியே, சில சமயம் குழந்தையின் துணிமேலேயே சிறுநீர் கழிக்கும். பொறாமை, பழிவாங்கல் என்று அடித்தால் இன்னும் மோசமாகும். மணல் தொட்டிக்கு அடிக்கடி போய், முக்கியும் சிறுநீர் வராத ஆண் பூனையை அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். முழுதாக ஒரு நாளைக்கு மேல் சாப்பிடாத பூனையையும் காட்டத்தான் வேண்டும்.

கர்ப்ப காலத்தில் பூனையை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்வதற்குக் காரணமாகக் காட்டப்படும் டாக்சோபிளாஸ்மா கிருமி, பூனையின் ரோமத்திலிருந்து வருவதில்லை. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். மணல் தொட்டியைத் தினமும் கணவர் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் அதே கிருமியைக் கொண்டுவரும். அவற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ரேபிஸ் விஷயத்தில் சமாதானம் கூடாது. நாய்க்கடிக்குப் பயப்படும் வீடுகள்கூடப் பூனைக் கீறலைத் துடைத்துவிட்டு விட்டுவிடுகின்றன. பூனைக்கும் ரேபிஸ் வரும். மூன்று மாத வயதில் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு வருடாவருடம் என்பதைக் குழந்தை வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்; குடல்புழு மருந்தும் அப்படியே. அதையும் மீறிக் குழந்தையின் மேல் நகமோ பல்லோ பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காபித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. கழுவிய கையோடு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசி இலவசம். ரத்தம் வந்த காயமானால் ஊசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும் என்பதால் மேலே சின்ன ஓட்டைதான் தெரியும். உள்ளே சீழ் பிடித்துவிடும்.

முதல் மாதங்கள் பிரச்சினையில்லாமல் போய்விட்டால் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையான சோதனை குழந்தை தவழத் தொடங்கும் எட்டாம் மாதத்தில் வருகிறது. அதுவரை ஒரே இடத்தில் கிடந்து அழுத பொருள் இப்போது துரத்துகிறது, வாலைப் பிடித்து இழுக்கிறது. மணல் தொட்டிக்குள் கையை விட்டு வாயில் வைக்கிறது. அதற்கு முன்பே தொட்டி பின்னறைக்குப் போயிருக்க வேண்டும், ஒரே நாளில் இல்லாமல், தினம் ஓரடி ஓரடியாக நகர்ந்து. வாசலில் பூனை தாவும், குழந்தை தாண்டாத உயரத்தில் ஒரு தடுப்பு. சாப்பாட்டுத் தட்டு மேஜை மேல். கூடத்தில் எந்த மூலையில் நின்றாலும் மணி இரண்டு தாவலில் உயரத்துக்குப் போய்விட முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. வழி இருக்கும் பூனை ஓடும். வழி அடைபட்ட பூனைதான் திரும்பிப் பாயும்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ‘மெதுவா’ என்ற சொல் புரிவதைவிட அம்மாவின் கை புரியும். பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, அதன்மேல் பெரியவர் தன் கையை வைத்து, பூனையின் கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் மூன்று தடவை தடவச் செய்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வயிறு, வால், கால் பக்கம் போகக் கூடாது. கையை எடுத்ததும் மணி தலையை நீட்டி இன்னும் கேட்டால் மறுபடி மூன்று. எழுந்து போனால் போகட்டும். பின்னால் போகக் கூடாது என்பதைப் பிள்ளை இதில்தான் கற்றுக்கொள்ளும். தூக்கவிடுவதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. தூங்கும் பூனையையும் சாப்பிடும் பூனையையும் தொடவே விடக் கூடாது.

இதற்குள் தூளியும் பிள்ளைக்குச் சின்னதாகியிருக்கும். கழற்றிப் பரணில் போடும் முன், பிள்ளை ஆச்சி வீட்டுக்குப் போன ஒரு மத்தியானம் அதை அவிழ்த்துத் தொங்கவிட்டால், மணி அலமாரி மேலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இறங்கி வந்து ஏறிப் படுத்துக்கொள்ளும்.