கோட்டில் நிற்கும் முகம்: ஒரே பெட்டிக்கு நான்கு படங்கள்

கேட்லாக்கின் ஒரு பக்கத்தில் தேக்கு நகைப்பெட்டி ஒன்றின் நான்கு படங்கள். முன்புறத்தில் பித்தளைத் தாழ், பின்புறத்தில் இரண்டு கீல்கள், பக்கவாட்டில் மரத்தைக் குடைந்து செய்த கைப்பிடி, மூடியின் மேல் பித்தளைத் தகடு பதித்த பூவேலை. தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் நல்ல படங்கள்தான். சேர்த்துப் பார்த்தால் இடறுகிறது. முன்புறப் படத்தில் இருப்பதைவிடப் பக்கவாட்டுப் படத்தில் பெட்டி உயரமாகத் தெரிகிறது. பக்கவாட்டு மரம் வெளிறியிருக்கிறது. மற்ற படங்களில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர, மூடியின் படத்தில் மட்டும் வலப்பக்கமிருந்து வருகிறது. வாங்க வருபவருக்குக் காரணம் புரியாது. எல்லாம் ஒரே பெட்டிதானா என்ற ஐயம் மட்டும் வரும்.

ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ படித்தவர்கள் இந்தப் பெட்டியை வேறு விதத்தில் காட்டுவார்கள். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்று வரைவார்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் முறைப்படுத்திய கலை அது. அந்த வரைபடத்தில் முன்தோற்றத்தின் உயரமும் பக்கத்தோற்றத்தின் உயரமும் ஒன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் பொருளிலிருந்து வரும் கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகத் தாளை அடைவதாக வைத்துக்கொண்டு வரைகிறார்கள். கேமராவில் அப்படி இல்லை. எல்லாக் கோடுகளும் லென்ஸ் என்னும் ஒரு புள்ளியை நோக்கிக் குவிகின்றன. அதனால் கிட்டே இருப்பது பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும் பதிகிறது. நான்கு படங்களும் பொருந்தாமல் போவதற்கு மூலகாரணம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். நம் பெட்டியின் நீளம் 36 செ.மீ., அகலம் 16 செ.மீ., உயரம் 14 செ.மீ. மேஜையின் நடுவில் பெட்டியை வைத்து, அதன் மையத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி முக்காலியில் கேமராவை நிறுத்துகிறோம். முன்புறத்தைப் படம் எடுத்ததும் கேமராவைத் தொடாமல் பெட்டியை மட்டும் இருந்த இடத்திலேயே கால் சுற்றுத் திருப்பிப் பக்கவாட்டை எடுக்கிறோம். கேமரா அசையாததால் அளவும் மாறாது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

உண்மையில் மாறிவிட்டது. முன்புறம் கேமராவைப் பார்த்து நின்றபோது அந்த முகம் மையத்திலிருந்து 8 செ.மீ. முன்னே இருந்தது. அதாவது லென்ஸிலிருந்து 92 செ.மீ. பெட்டியைத் திருப்பியதும் பக்கவாட்டு முகம் மையத்திலிருந்து 18 செ.மீ. முன்னே வந்துவிடுகிறது. இப்போது லென்ஸுக்கும் அதற்கும் இடையில் 82 செ.மீ. மட்டுமே. 92ஐ 82ஆல் வகுத்தால் 1.12. ஆகவே பக்கவாட்டுப் படத்தில் எல்லாமே 12 சதவீதம் பெரிதாகப் பதியும். 14 செ.மீ. உயரப் பெட்டி ஏறக்குறைய 15.7 செ.மீ. உயரமாகத் தெரியும். கேமராவை 2 மீட்டருக்குத் தள்ளினால் அந்த வித்தியாசம் ஐந்தரை சதவீதமாகக் குறையும், ஆனால் முழுதாகப் போகாது.

முழுதாகப் போக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. கேமராவுக்கு நேர் குறுக்காக மேஜையின் மேல் ஒரு கோடு ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு மெல்லிய வெள்ளை டேப் போதும். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அந்தப் பக்கத்தின் முகம் இந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். பெட்டியைத் திருப்பினால் மட்டும் போதாது, திருப்பிய பிறகு பின்னுக்கு நகர்த்திக் கோட்டோடு சேர்க்க வேண்டும். தாழ், கீல் போலத் துருத்தி நிற்பவற்றைக் கணக்கில் எடுக்காமல் மரத்தின் முகத்தையே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். லென்ஸுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் மாறாது என்பதால் படத்தில் பதியும் அளவும் மாறாது.

இதே கோடு வெளிச்சத்தையும் சீராக்குகிறது. விளக்கு கிட்டே வரும்போது வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பெட்டியின் முகத்திலிருந்து 80 செ.மீ. தள்ளி விளக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முகம் 10 செ.மீ. விளக்கை நெருங்கினால் அதன் மேல் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடும். வெளிறிய மரத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், கேமரா பழுது இல்லை. முகம் கோட்டிலேயே நின்றால் விளக்கிலிருந்து அதன் தூரமும் மாறாது. ஃபோகஸை மாற்ற வேண்டிய தேவையும் எழாது. பல லென்ஸ்களில் ஃபோகஸை மாற்றினாலே பொருளின் அளவு சற்றுக் கூடிக் குறையும் என்பதால் இதுவும் ஒரு நன்மை.

இனி அமைப்பு. லென்ஸிலிருந்து கோடு வரை 192 செ.மீ. வைத்துக்கொள்வோம். ஃபுல்ஃப்ரேம் கேமராவில் 105 மி.மீ. லென்ஸ் இருந்தால் அந்தத் தூரத்தில் 60 செ.மீ. அகலம் அளவுக்குப் படத்தில் அடங்கும். 36 செ.மீ. பெட்டிக்கு இது தாராளம். லென்ஸின் நடு, பெட்டியின் பாதி உயரத்துக்கு, அதாவது மேஜையிலிருந்து 7 செ.மீ. உயரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் முன்புறப் படத்தில் மூடியும் எட்டிப் பார்க்கும். கேமரா சாயாமல் இருக்கிறதா என்று கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை வைத்தே பார்த்துவிடலாம். பெட்டி கோணலாக நின்றால் படத்திலேயே தெரியும். இடது விளிம்பின் உயரத்தையும் வலது விளிம்பின் உயரத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். குட்டையாகத் தெரியும் விளிம்பு பின்வாங்கி நிற்கிறது என்று பொருள்.

விளக்கைப் பொறுத்தவரை விதி ஒன்றே. பொருள்தான் திரும்ப வேண்டும், விளக்கு திரும்பக் கூடாது. இடப்பக்கம் மேலே சாய்வாக ஒரு சாஃப்ட்பாக்ஸ், வலப்பக்கம் நிழலை இளக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை. பின்புறத்தை எடுக்கும்போதும் இவை அதே இடத்தில் இருந்தால் நான்கு படங்களிலும் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்தே வரும். கேமராவில் எல்லாத் தானியங்கி வசதிகளையும் நிறுத்திவிட வேண்டும். வெளிச்ச அளவும் வெள்ளைச் சமநிலையும் தானாகவே மாறும்படி விட்டால், பித்தளை அதிகமுள்ள பக்கத்துக்கு ஒரு கணக்கும் மரம் அதிகமுள்ள பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் கேமரா போட்டுவிடும். முதல் படத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றைக் கோட்டில் வைத்து எடுத்துக்கொண்டால் பிறகு நான்கின் நிறத்தையும் அதைக் கொண்டே ஒரே மாதிரி திருத்தலாம்.

நான்கில் கடினமானது மூடி. அதை முதலில் எடுப்பது நல்லது. பெட்டியைத் தாழ் உள்ள முன்புறத்தின் மேல் கவிழ்த்துப் படுக்க வைத்தால் மூடி கேமராவை நேராகப் பார்க்கும். தாழ் நசுங்காமலிருக்க அதன் இருபுறமும் வெள்ளைக் கட்டைகளை அண்டை கொடுக்க வேண்டும். ஏன் முன்புறத்தின் மேல்? மேலிருந்து பார்க்கும் தோற்றத்தில் பெட்டியின் முன் விளிம்பு படத்தின் கீழே வர வேண்டும். பின்புறத்தின் மேல் படுக்க வைத்து எடுத்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்ப நேரும். திருப்பினால் வெளிச்சம் வலது கீழ் மூலையிலிருந்து வருவதாகிவிடும். மூடியின் முகமும் அதே கோட்டில் நிற்கட்டும். தரையில் விழும் நிழலை மட்டும் இந்தப் படத்தில் நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பெட்டி நிமிர்ந்து நிற்பது போலத் தோன்றும்.

பித்தளைப் பூவேலை கண்ணாடி போல எதிரே இருப்பதைக் காட்டும். மூடி கேமராவைப் பார்த்து நிற்பதால் அதில் தெரிவது கேமராவும் அதன் பின்னால் உள்ள இருட்டும்தான். அதனால்தான் பல கேட்லாக்குகளில் பித்தளை கறுத்துக் கிடக்கிறது. லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட வெள்ளைத் துணியைக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டால் பித்தளையில் அந்த வெண்மை தெரிந்து உலோகம் மஞ்சளாக மிளிரும். துணி மிகவும் பிரகாசமாக இருந்தால் வார்னிஷ் மேல் வெண்படலம் படிந்து மரத்தின் ரேகைகள் மங்கிப்போகும். ரேகையும் தெரிந்து பித்தளையும் மின்னும் அளவுக்குத் துணியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, அதே துணியோடு மற்ற மூன்று பக்கங்களையும் எடுக்க வேண்டும். மூடிக்கு மட்டும் துணி கட்டி மற்றவற்றுக்கு அவிழ்த்தால் தாழும் கீலும் வேறு உலோகம் போலத் தெரியும்.

எல்லாப் பொருளையும் இப்படிப் படுக்க வைக்க முடியாது. எண்ணெய் ஊற்றிய விளக்கு, பழம் நிறைந்த தட்டு போன்றவற்றுக்குக் கேமராவைத்தான் மேலே ஏற்ற வேண்டும். அப்போது தூரத்தை மேஜையிலிருந்து அளக்கக் கூடாது, பொருளின் மேல்முகத்திலிருந்து அளக்க வேண்டும். 14 செ.மீ. உயரப் பொருளுக்கு அதே 192 செ.மீ. வேண்டுமென்றால் கேமரா மேஜையிலிருந்து 206 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். விளக்கை மேஜையின் இடது பின்மூலைக்கு நகர்த்தினால் படத்தில் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வரும். குடம், கூஜா போன்ற உருண்டைப் பொருள்களுக்குத் தட்டையான முகமே கிடையாது. அவற்றின் நடு அச்சையே கோட்டில் நிறுத்தி அதே இடத்தில் சுழற்றினால் போதும்.

எடுத்த அளவு சரிதானா என்று சோதிக்க, தொடங்கும்போதே ஓர் எஃகு அளவுகோலைக் கோட்டில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10 செ.மீ. என்பது 1000 பிக்சல் என்று வந்தால், முன்புறப் படத்தில் பெட்டி 3600க்கு 1400 பிக்சலாக இருக்க வேண்டும். பின்புறமும் அதேதான். பக்கவாட்டு 1600க்கு 1400, மூடி 3600க்கு 1600. ஒரு படத்தின் அளவு இன்னொன்றின் அளவைக் காட்டிக்கொடுக்கும். முன்புறத்தின் உயரமும் பக்கவாட்டின் உயரமும் ஒன்றாக இல்லையென்றால் ஏதோ ஒரு முகம் கோட்டில் நிற்கவில்லை.

இவ்வளவு செய்தும் கடைசிப் படியில் கெட்டுப்போவது உண்டு. கணினியில் ஒவ்வொரு படத்தையும் சட்டம் நிறையும் வரை பெரிதாக்குவதுதான் அந்தப் படி. 16 செ.மீ. பக்கவாட்டு, 36 செ.மீ. முன்புறத்தின் அகலத்துக்கு ஊதிவிடும். நான்கையும் ஒரே அளவுச் சதுர வெள்ளைப் பரப்பில், பெரிதாக்காமலும் குறுக்காமலும் பொருத்த வேண்டும். அமேசான் போன்ற தளங்கள் முதன்மைப் படத்தில் பொருள் சட்டத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும் என்கின்றன. 4200 பிக்சல் சதுரத்தில் நம் முன்புறப் படம் அதை நிறைவுசெய்துவிடும். மற்ற மூன்றும் அதே அளவீட்டில், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டே இருக்கட்டும்.

லென்ஸிலிருந்து கோட்டுக்கு 192, லென்ஸின் உயரம் 7, விளக்கின் தூரம் 80, துணி தொங்கிய இடம், கேமராவின் அமைப்புகள் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைப்பது இந்த வேலையின் கடைசிப் பகுதி. தச்சர் அடுத்த மாதம் இதைவிடச் சிறிய பெட்டி ஒன்றைக் கொண்டுவரலாம். அதே எண்களில் அதை எடுத்துக் கேட்லாக்கில் பக்கத்தில் வைத்தால், எது எவ்வளவு சிறியது என்று வாங்குபவர் கண்ணாலேயே அளந்துகொள்வார்.