லயன் அறையும் பத்து வருடமும்: பிழையான விடைகளை எழுதும் விதம்

இரத்தினபுரியின் தனியார் தோட்டமொன்றில், நிர்வாகம் கொடுத்த லயன் அறையில் 25 வருடமாக வசிக்கும் தொழிலாளி அதற்கு ஆட்சியுரிமை கோரலாமா? சட்டப் பரீட்சைக்கு இப்படியொரு வினா. 'முடியாது, அனுமதியோடு வந்தவர், அந்த நிலையை வெளிப்படையாக மாற்றவில்லை' என்பதே சரியான விடை.

பிழையான விடைகளும் உண்மையான சட்டத்திலிருந்தே வரவேண்டும். 'முடியும், 1871 கட்டளைச் சட்டம் கேட்கும் பத்து வருடம் கடந்துவிட்டது' என்பது பலரை இழுக்கும். காலம் சரி, ஆனால் உரிமையாளருக்கு எதிரான ஆட்சியாக அது இருக்கவில்லை. 'முடியாது, 2016 சட்டப்படி யுத்தகாலம் கணக்கில் வராது' என்பதில் நம்மவர்களே விழுவார்கள். அந்தச் சட்டமோ ஆயுத நடவடிக்கைகளால் தம் உரிமையைத் தொடர முடியாமற்போனவர்களுக்கானது. நான்காவதும் 'முடியும்' என்றே தொடங்கட்டும்: 'இத்தனை வருடமும் எவரும் வெளியேற்றவில்லை'. நான்கும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இல்லாவிட்டால், நீளமானதைப் பார்த்தே விடையைப் பிடித்துவிடுவார்கள்.